பிரௌச்சரைச் சரிபார்ப்பது எப்படி: அப்ரூவல், சாவி தரும் தேதி, அட்டைப் படம்

மதுரையைச் சுற்றி மனையோ ஃப்ளாட்டோ விலைக்கு வந்தால் முதலில் காதில் விழுவது "எல்லா அப்ரூவலும் இருக்கு" என்பதுதான். மாட்டுத்தாவணிப் பக்கம் தொங்கும் ஃப்ளெக்ஸிலும் அதுதான், வாட்ஸ்அப்பில் வந்து விழும் படத்திலும் அதுதான். எந்த அப்ரூவல், எதற்கான அப்ரூவல் என்று வாங்குபவர் கேட்பதில்லை. கேட்டால் விற்பனைக்கு நிற்கும் தம்பிக்கும் பெரும்பாலும் பதில் தெரியாது.

அச்சுக்குப் போகும் முன் பிரௌச்சர் புரூஃப் பார்ப்பது என் வேலை. வேண்டுமென்றே பொய் எழுதும் பிரௌச்சர்களை விட, ஒட்டுப்போட்டு உருவாகும் பிரௌச்சர்கள்தான் அதிகம் என்பது என் கணிப்பு. சேல்ஸில் ஒரு வரி கொடுப்பார்கள், ஆர்க்கிடெக்ட் ஆபீஸிலிருந்து ஒரு படம் வரும், போன பிராஜெக்ட் ஃபைலிலிருந்து டிசைனர் ஒரு பத்தியை எடுத்துப் போடுவார். மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. அதைப் பார்க்கும் முறையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். புரூஃப் பார்ப்பவருக்கும் வீடு வாங்குபவருக்கும் முறை ஒன்றேதான்.

விளக்கத்துக்காக ஒரு கற்பனை பிராஜெக்டை வைத்துக்கொள்வோம். ஒத்தக்கடை தாண்டி, மேலூர் ரோட்டிலிருந்து உள்ளே போகும் தெருவில் 40 சென்ட் இடம். கீழே பார்க்கிங், மேலே நான்கு மாடி, 32 வீடுகள். பிரௌச்சரின் முதல் புரூஃபில் இப்படி இருக்கிறது: "டி.டி.சி.பி. & ரெரா அப்ரூவ்டு! முன்னணி வங்கிகளின் அப்ரூவல்! 24 மாதத்தில் சாவி உங்கள் கையில்! ஏரி பார்த்த வீடுகள்!" அட்டையில் கட்டடம் மாலை விளக்கொளியில் மின்னுகிறது. பின்னால் யானைமலை, முன்னால் தளும்பும் நீர், பக்கத்தில் புல்வெளி, மொட்டை மாடியில் கண்ணாடி போட்ட ஒரு ஹால்.

சட்டம் பிரௌச்சரை எப்படிப் பார்க்கிறது

2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தைத்தான் ரெரா என்கிறோம். தமிழ்நாட்டில் அதை நடத்தும் ஆணையத்தையும் பேச்சுவழக்கில் ரெரா என்றே சொல்கிறோம். இந்தச் சட்டத்தில் விளம்பரம் என்பதற்குப் பொருள் மிக அகலமானது. நோட்டீஸ், சுற்றறிக்கை, எந்த வடிவத்தில் வரும் பிரசுரமும் அதற்குள் வரும். வாட்ஸ்அப் படமும் அதில் அடங்கும்.

12-ஆம் பிரிவு சொல்வது இது: விளம்பரத்தையோ மாதிரி வீட்டையோ நம்பி ஒருவர் முன்பணம் கொடுத்து, அதில் இருந்த தவறான தகவலால் நஷ்டப்பட்டால், கட்டுபவர் இழப்பீடு தர வேண்டும். வாங்குபவர் விலக நினைத்தால், போட்ட பணம் முழுவதையும் வட்டியோடு திருப்பித் தர வேண்டும். ஆகவே "அது சும்மா விளம்பரத்துக்குப் போட்டதுங்க" என்ற பதில் சபையில் எடுபடாது. அட்டைப் படத்தின் ஓரத்தில் எறும்பு அளவு எழுத்தில் "ஓவியரின் கற்பனை" என்று போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். சுவரின் நிறத்துக்கும் செடிகொடிக்கும் அந்த வரி உதவலாம். இல்லாத ஒரு ஹாலை இருப்பதாகக் காட்டியதை அந்த வரியை நம்பி நியாயப்படுத்தக் கிளம்புவது ஆபத்து.

இதுவரை வந்தது: பிரௌச்சரில் இருக்கும் ஒவ்வொரு தகவலுக்கும் கட்டுபவர் பொறுப்பு. ஆகவே ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு காகிதம் இருந்தாக வேண்டும்.

"அப்ரூவ்டு" என்ற ஒரு சொல்லுக்குள் நான்கு காகிதங்கள்

ஷேர் ஆட்டோவை யோசித்துப் பாருங்கள். ஆர்.சி. புக் வேறு, எஃப்.சி. வேறு, பெர்மிட் வேறு, இன்சூரன்ஸ் வேறு. ஆர்.சி. இருக்கிறது என்பதற்காக வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானது என்று யாரும் சொல்வதில்லை. ஒவ்வொன்றையும் தரும் காரணம் வேறு. கட்டடத்துக்கும் அப்படித்தான், ஆனால் இங்கே எல்லாவற்றையும் "அப்ரூவல்" என்ற ஒரே சொல்லில் போட்டுவிடுகிறோம்.

முதல் காகிதம் லேஅவுட் ஒப்புதல். பெரிய நிலத்தை மனைகளாகப் பிரித்து ரோடு விடுவதற்கான அனுமதி இது. டி.டி.சி.பி. எனப்படும் நகர் ஊரமைப்புத் துறை வரைபடத்தை ஏற்றுக்கொண்டு, ரோடுகளும் பூங்கா இடமும் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்குப் போன பிறகுதான் இது முழுமையாகும். "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு" என்று இன்னும் சிலர் சொல்வதுண்டு. லேஅவுட்டுக்கு அது மட்டும் போதாது. அப்படி விற்கப்பட்ட அங்கீகாரமில்லாத மனைகளின் பத்திரப் பதிவைத்தான் 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் நிறுத்தியது. 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைகளை வரைமுறைப்படுத்த 2017-இல் தனி விதிகளே கொண்டுவர வேண்டியிருந்தது.

இரண்டாவது, கட்டட அனுமதி. இந்த இடத்தில், இத்தனை மாடி, இத்தனை வீடு, சுற்றிலும் இவ்வளவு இடம் விட்டு என்று குறிப்பிட்ட ஒரு வரைபடத்துக்குக் கிடைப்பது. திட்ட அனுமதி, அதன் பின் உள்ளாட்சியின் கட்டட அனுமதி என்று இது இரண்டு படியாக வரும்.

நம்மூர்ப் பிரௌச்சர்களில் மிக அதிகமாகச் சறுக்கும் இடம் இதுதான். நம் கற்பனை பிராஜெக்ட் இருக்கும் 40 சென்ட், 2018-இல் ஒப்புதல் பெற்ற ஒரு லேஅவுட்டின் சில மனைகளைச் சேர்த்து வாங்கியது என்று கொள்வோம். சேல்ஸில் கொடுத்த டி.டி.சி.பி. எண் அந்த லேஅவுட்டினுடையது. எண் உண்மை, ஒப்புதலும் உண்மை. ஆனால் அது அங்கே 32 வீடு கட்டலாம் என்று சொல்லவே இல்லை. மனை பிரித்த வரைபடத்தைத்தான் அது ஏற்றிருக்கிறது. அடுக்குமாடிக்கான அனுமதி வேறொரு எண்ணில், வேறொரு தேதியில் இருக்க வேண்டும். கண்டுபிடிக்க எளிய வழி, எண்ணோடு வரும் வரைபடத்தைக் கேட்பது. அதில் மனைகளும் தெருக்களும் மட்டும் இருந்தால் அது லேஅவுட். மாடிவாரியாக அறைகள் வரைந்திருந்தால்தான் கட்டட அனுமதி. எண்ணுக்கு முன்னால் லேஅவுட்டைக் குறிக்கும் எல்.பி. என்று இருந்தாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

மூன்றாவது, ரெரா பதிவு. இங்கே ஒரு பொதுவான தவறான எண்ணம் உண்டு. ரெரா கட்டடத்தின் தரத்துக்குச் சான்று தருவதில்லை. மேலே சொன்ன அனுமதிகளையும், எப்போது முடிப்பேன் என்று கட்டுபவர் தரும் உறுதிமொழியையும் வாங்கிப் பதிவு செய்து, பொதுமக்கள் பார்க்க வைக்கிறது. ஆகவே "ரெரா அப்ரூவ்டு" என்பதை விட "ரெராவில் பதிவு பெற்றது" என்பதே சரி. பதிவு எண்ணும், rera.tn.gov.in என்ற இணையதள முகவரியும் விளம்பரத்தில் கண்ணில் படும்படி இருக்க வேண்டும் என்பது சட்டம். 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலம், அல்லது எட்டு வீட்டுக்கு மேற்படாத திட்டம் என்றால் பதிவு தேவையில்லை. மற்றவை பதிவாகும் முன் விளம்பரமே செய்யக்கூடாது, புக்கிங்கும் வாங்கக்கூடாது. "ரெராவுக்கு விண்ணப்பித்துள்ளோம்" என்று நோட்டீஸ் அடிப்பவர், தன் மீறலைத் தானே அச்சடித்து விநியோகிக்கிறார். "ப்ரீ லாஞ்ச் ஆஃபர்" கதையும் அதேதான். பல கட்டமாகக் கட்டினால் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனிப் பதிவு வேண்டும். முதல் கட்டத்தின் எண்ணை இரண்டாம் கட்டப் பிரௌச்சரில் போட முடியாது.

நான்காவது, வங்கி ஒப்புதல். வங்கியின் வக்கீல் பத்திரங்களைப் பார்த்து, இந்தத் திட்டத்துக்குக் கடன் கொடுக்கலாம் என்று சொன்னது அவ்வளவே. அரசு அனுமதிகளோடு ஒரே வரியில் அதைப் போடுவது எனக்குப் பிடிப்பதில்லை. வேறு பத்தியில், வங்கியின் பெயரோடு, "வீட்டுக் கடன் வசதி" என்று போட்டால் போதும்.

திருத்திய வரி இப்படி வரும்: "கட்டட அனுமதி: திட்ட அனுமதி எண் ___, நாள் ___ (பார்க்கிங் + 4 மாடி, 32 வீடுகள்). ரெரா பதிவு எண் ___, rera.tn.gov.in. மனைப்பிரிவு ஒப்புதல் எண் ___, 2018." பார்க்கக் கவர்ச்சியாக இருக்காதுதான். ஆனால் ஒரு வாங்குபவர் அந்த எண்ணைப் போனில் தட்டிப் பார்த்தால், திரையில் வருவதும் கையில் இருப்பதும் ஒன்றாக இருக்கும்.

சுருக்கமாக: யார் கொடுத்தது, எதற்குக் கொடுத்தது, என்ன தேதி. இந்த மூன்றும் இல்லாத "அப்ரூவ்டு" எதையும் சொல்லவில்லை.

24 மாதம்: எந்த நாளிலிருந்து?

"24 மாதத்தில் சாவி" என்ற வரியில் தொடக்கமே இல்லை. பூமி பூஜையிலிருந்தா, ஒப்பந்தம் போட்ட நாளிலிருந்தா, பிரௌச்சர் அடித்த நாளிலிருந்தா? இன்று படிப்பவர் இன்றிலிருந்து எண்ணுவார். ஆறு மாதம் கழித்து அதே தாளை மச்சானிடமிருந்து வாங்கிப் படிப்பவர் அன்றிலிருந்து எண்ணுவார்.

நம் பிராஜெக்டின் தேதிகளை வரிசையாக வைப்போம். பிரௌச்சர் அடித்தது 2025 ஆகஸ்ட். அதிலிருந்து எண்ணினால் சாவி 2027 ஆகஸ்டில். வாங்குபவரோடு போடும் ஒப்பந்தத்தின் மாதிரியை எடுத்துப் பார்த்தால், 2027 டிசம்பர் 31, அதற்கு மேல் ஆறு மாதம் அவகாசம் என்று இருக்கிறது. அதாவது 2028 ஜூன் 30. ரெரா இணையதளத்தில் திட்டம் முடியும் நாளாகக் கட்டுபவர் அறிவித்திருப்பதும் 2028 ஜூன் 30. ஒரே கட்டடத்துக்கு மூன்று தேதிகள்.

பத்து மாத வித்தியாசம் சின்ன விஷயமாகத் தெரியலாம். மாதம் 12,000 ரூபாய் வாடகையில் இருக்கும் குடும்பம், 2027 ஆகஸ்டை நம்பி வீட்டுக்காரரிடம் சொல்லி வைத்திருந்தால், கூடுதல் வாடகை மட்டும் 1,20,000 ரூபாய். அதே நேரம் வங்கி ஏற்கெனவே கொடுத்த தொகைக்கு வட்டியும் ஓடிக்கொண்டிருக்கும்.

எந்தத் தேதி கட்டுபவரைக் கட்டுப்படுத்தும் என்பதில்தான் குழப்பம் அதிகம். "ரெராவில் 2028 வரை டைம் இருக்கு" என்பார்கள். அது ஆணையத்துக்கும் கட்டுபவருக்கும் இடையிலான கணக்கு. வாங்குபவரின் உரிமை, 18-ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் உள்ள தேதியிலிருந்து எண்ணப்படும். ரெரா பதிவின் காலம் முடியவில்லை என்பதால் அந்த உரிமை தள்ளிப்போகாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. தேதி தாண்டினால் வாங்குபவர் பணத்தை வட்டியோடு திரும்பக் கேட்கலாம். வீடு வேண்டும் என்று காத்திருந்தால், தாமதமாகும் ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி கேட்கலாம். வெள்ளம், புயல் போன்ற காரணங்களுக்காக ரெரா பதிவை நீட்டிக் கொடுப்பது உண்டு. அப்படி நீட்டியதாலேயே ஒப்பந்தத் தேதி தானாக நகர்ந்துவிடாது.

இன்னொரு நுணுக்கம், "சாவி" என்பது எதைக் குறிக்கிறது. கட்டட வேலை முடிந்ததும், வரைபடப்படிதான் கட்டியிருக்கிறதா என்று பார்த்துத் திட்ட அனுமதி கொடுத்த அதிகாரம் தருவது நிறைவுச் சான்று. இந்த அளவுக் கட்டடத்துக்கு அது இல்லாமல் நிரந்தர மின் இணைப்பு கிடைக்காது. மரவேலை பார்த்துக்கொள்ளுங்கள் என்று முன்கூட்டியே சாவி கொடுத்து, கட்டுமானத்துக்கு வாங்கிய தற்காலிக கரண்டில் மாதக்கணக்கில் வீடு ஓடுவதை நம்மூரில் பார்க்கலாம். சாவி கைக்கு வந்தது உண்மை, வீடு தயாராகவில்லை என்பதும் உண்மை.

எனவே நான் பரிந்துரைக்கும் வரி: "வீடு ஒப்படைக்கும் நாள்: 2028 ஜூன் 30-க்குள், நிறைவுச் சான்று பெற்ற பின். (ஒப்பந்தப்படி இலக்கு 2027 டிசம்பர் 31, கூடுதல் அவகாசம் ஆறு மாதம்.)" தூரத்தில் இருக்கும் தேதி பெரிய எழுத்தில், கிட்டத்தில் இருப்பது அடைப்புக்குறிக்குள். சேல்ஸில் இதற்கு முகம் சுளிப்பார்கள். "அண்ணே, அடுத்த தெருவுல அவன் பதினெட்டு மாசம்னு போட்டுருக்கான், நம்ம 2028-னு போட்டா யாருண்ணே வருவா?" என்ற கேள்வி வராத ஆபீஸ் இல்லை. நியாயமான கேள்விதான். என் பதில், அடுத்த தெருக்காரர் எந்த நாளிலிருந்து எண்ணுகிறார் என்று அவருடைய ஒப்பந்தத்தை வாங்கிப் பாருங்கள் என்பதே.

இந்தப் பகுதியின் சாரம்: மாதக்கணக்கு வேண்டாம், காலண்டர் தேதி வேண்டும். அது ஒப்பந்தத்தோடும் ரெரா பதிவோடும் மோதக்கூடாது.

படத்தை அளந்து பார்ப்பது

கட்டி முடிக்காத கட்டடத்துக்கு ஃபோட்டோ கிடையாது, கம்ப்யூட்டரில் வரைந்த படம்தான். அதில் குற்றமில்லை. பார்க்க வேண்டியது, படத்தில் எது அனுமதி வரைபடத்திலிருந்து வந்தது, எது டிசைனரின் கையிலிருந்து வந்தது என்பதைத்தான். படத்தை வரைபடத்துக்குப் பக்கத்தில் வைத்து மேலிருந்து கீழே வாருங்கள்.

மொட்டை மாடியில் கண்ணாடி ஹால். வரைபடத்தில் அங்கே இருப்பது படிக்கட்டு முகப்பும் தண்ணீர்த் தொட்டியும் மட்டும். "பின்னாடி பண்ணிக்கலாம்" என்பது பதில் ஆகாது. அனுமதி பெற்ற வரைபடத்தை மாற்ற, 14-ஆம் பிரிவின்படி, வீடு வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் எழுத்துபூர்வ சம்மதம் வேண்டும். ஹால் படத்திலிருந்து போக வேண்டும்.

அடுத்து புல்வெளி. எஃப்.எம்.பி. எனப்படும் புலப்படத்தில் அந்த சர்வே எண்ணின் எல்லையைப் பாருங்கள். நம் படத்தில் பச்சை பசேலென்று இருப்பது பக்கத்துப் பட்டாதாரரின் காலி இடம். நாளைக்கு அவர் அங்கே குடோன் கட்டினாலும் கேட்க முடியாது. பெரிய லேஅவுட்களில் இதற்கு வேறொரு முகம் உண்டு. தானப் பத்திரத்தில் உள்ளாட்சிக்குப் போய்விட்ட பூங்கா இடத்தை, குடியிருப்போருக்கு மட்டுமான தோட்டம் போலக் காட்டுவார்கள். அது ஊருக்குப் பொதுவானது.

ரோடு அகலத்தைக் காரை வைத்து அளக்கலாம். ஒரு சாதாரண காரின் அகலம் ஆறடிக்குச் சற்றுக் கீழே. படத்தில் நான்கு கார்கள் பக்கம் பக்கமாக, இடையில் தாராளமாக இடம் விட்டுப் போவது போல் இருந்தால், அந்த ரோடு 40 அடியைத் தொடுகிறது. நிஜத்தில் அது 23 அடி. படுக்கையறைக்குக் கட்டில்தான் அளவுகோல். ஐந்தடி அகலக் கட்டிலின் இரு பக்கமும் இன்னொரு கட்டில் போடும் அளவு இடம் தெரிந்தால், அறை 15 அடி அகலம் என்று படம் சொல்கிறது. வரைபடத்தில் 10 அடி. ஒன்று கட்டிலைச் சிறிதாக்கி இருப்பார்கள், அல்லது அகலக் கோணத்தில் வரைந்திருப்பார்கள். சரியான அளவில் கட்டிலை மறுபடி போட்டு வரையச் சொல்ல வேண்டும். அறைப் படத்துக்குக் கீழே "10 x 11 அடி" என்று அளவையும் போட்டுவிடுவது இன்னும் நல்லது.

ஏரி விஷயத்துக்கு வருவோம். அங்கே இருப்பது கண்மாய். ஐப்பசி, கார்த்திகை மழை நன்றாகப் பெய்தால் நிறையும். கோடையில் கருவேல முள்ளும் கிரிக்கெட் ஆடும் பையன்களும்தான். தளும்பும் நீரை வரைந்து "ஏரி பார்த்த வீடு" என்று ஆண்டு முழுவதற்குமாக விற்கக்கூடாது. "கண்மாயை நோக்கிய வீடுகள்" என்று எழுதலாம். அதுவும் 32 வீட்டில் எத்தனை அந்தப் பக்கம் பார்க்கின்றன என்று எண்ணிவிட்டு எழுத வேண்டும். மாடிக்கு எட்டு வீடு, அதில் நான்குதான் அந்தப் பக்கம் என்றால் மொத்தம் 16. யானைமலை உண்மையாகவே தெரியும் என்றால், இடத்தில் நின்று எடுத்த ஃபோட்டோவைப் போடுங்கள். எந்த மாதம் எடுத்தது என்றும் போடுங்கள். வரைந்த படத்தில் மலை எப்போதும் ஒரு கிலோமீட்டர் கிட்ட வந்துவிடுகிறது, ஏனென்று தெரியவில்லை.

பிரௌச்சரின் வரைபடப் பக்கத்தில் "மெட்ரோ ஸ்டேஷன், 5 நிமிடம்" என்று ஒரு புள்ளி இருந்தால் அதையும் இந்தக் கணக்கில் சேருங்கள். திருமங்கலம் – ஒத்தக்கடை மெட்ரோ, திட்ட அறிக்கை நிலையில் இருந்தது. 2025 நவம்பரில் மத்திய அரசு அதைத் திருப்பி அனுப்பியது. தோப்பூர் எய்ம்ஸுக்கு அடிக்கல் நாட்டியது 2019 ஜனவரியில். இப்படிப்பட்டவற்றை ஓடிக்கொண்டிருக்கும் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அதே நிறப் புள்ளியில் போடக்கூடாது. பிறர் கையில் இருக்கும் திட்டங்களுக்குத் தேதி சொல்லும் வேலை நமக்கு வேண்டாம் என்று நான் அந்தப் புள்ளிகளை எடுத்துவிடச் சொல்வேன்.

படத்துக்குக் கீழே வரும் குறிப்பும் பொதுவாக இருக்கக்கூடாது. "படம் வரைகலை. மாடிகளும் பால்கனிகளும் அனுமதி வரைபடப்படி. மரங்கள், வாகனங்கள், அறைகலன்கள், கண்மாயின் நீர் அளவு கற்பனை." படிக்கக்கூடிய எழுத்தில், அதே பக்கத்தில்.

அச்சான பிறகு

திருத்திய பிரௌச்சர் அச்சாகிவிட்டது. பழைய புரூஃப்தான் இப்போது பெரிய தலைவலி. முதல் புரூஃபின் பி.டி.எஃப். எப்படியாவது ஒரு ஏஜென்டின் போனுக்குப் போயிருக்கும். "24 மாதம்" அங்கே உயிரோடு சுற்றிக்கொண்டிருக்கும். ஆகவே ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பதிப்பு எண்ணும் மாதமும் போடுவது நல்லது. புரூஃப் பக்கங்களில் குறுக்கே "சரிபார்க்கப்படாதது" என்று பெரிதாக அடித்துத்தான் வெளியே அனுப்ப வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் ஆதாரமான காகிதத்தின் நகலை, கையெழுத்தான இறுதிப் புரூஃபோடு ஒரே ஃபைலில் வையுங்கள். ரெரா பதிவு நீட்டிக்கப்பட்டாலோ, திருத்திய வரைபடத்துக்கு அனுமதி வந்தாலோ, அலுவலகத்தில் மிச்சமிருக்கும் கட்டுகளை எடைக்குப் போட்டுவிட்டுப் புதிதாக அடிக்க வேண்டும். பழைய தேதியின் மேல் ஸ்டிக்கர் ஒட்டிச் சமாளிக்கப் பார்ப்பார்கள். அந்த ஸ்டிக்கரை நகத்தால் கிள்ளிப் பார்க்காத வாடிக்கையாளர் இல்லை.